காப்பி நிற மூத்திரம்: மலையிலிருந்து வந்த மாடும் கட்டுத்தரை உண்ணியும்

உண்ணி என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் சுவரைத்தான் பார்ப்பார்கள். கல் இடுக்கில் மருந்து அடிப்பார்கள், சுண்ணாம்பு பூசுவார்கள், மாட்டின் காதுக்குள் இருப்பதைப் பிடுங்கிக் காலால் நசுக்குவார்கள். அந்த வேலைகளில் பாதி சரி. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சலும் காப்பி நிற மூத்திரமும் கொண்டுவருகிற உண்ணி சுவரில் ஏறுவதில்லை. அது தரையில் கிடக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்த பிறகு எங்கள் கட்டுத்தரையில் வேலையின் வரிசையே மாறிவிட்டது. அதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் தோட்டம் கோபிச்செட்டிபாளையம் பக்கம், வாய்க்கால் பாசனம். வரப்பில் எப்போதும் புல் இருக்கும், மண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும். கலப்பின ஜெர்சி மாடுகளும் ஓர் எருமையும் கன்றுகளும் வைத்திருக்கிறோம். ஆனி மாதத்தில் கோத்தகிரியிலிருந்து இரண்டாம் ஈற்று ஜெர்சி கலப்பு மாடு ஒன்றை வாங்கி வந்தோம். கன்று ஈன்று நான்கு மாதம் கழிந்திருந்தது. நல்ல மடி, சாதுவான குணம். மேலே குளிரில் உண்ணித் தொல்லை பெரிதாக இல்லை என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். வாங்குகிறவர் கவலைப்பட வேண்டிய செய்தி அது.

உண்ணி இல்லாத இடத்தில் வளர்ந்த மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சலை எதிர்க்கும் திறன் இருக்காது. எங்கள் பக்கத்துக் கன்றுகள் சிறுவயதிலேயே உண்ணிக் கடி வாங்கி, அந்தக் கிருமியை லேசாகச் சந்தித்து, பெரிய நோய் காட்டாமலேயே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகின்றன. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த கன்றுகள் இந்தக் காய்ச்சலில் சாவது அரிது. வளர்ந்த மாடு முதன்முறையாக அதைச் சந்தித்தால்தான் ஆபத்து. அமெரிக்காவில் தெற்கத்தி மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்றபோது, தெற்கத்தி மாடுகள் நன்றாக இருக்க, வடக்கத்தி மாடுகள் செத்து விழுந்தன. டெக்சாஸ் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அதற்குக் காரணம் உண்ணிதான் என்று நிரூபித்து 1893-இல் வெளியிட்டார்கள். கணுக்காலி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர் நோயைச் சுமந்து பரப்புகிறது என்பதற்கான முதல் உறுதியான சான்றுகளில் ஒன்று அது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு தெரிவதற்கு முந்தியது. எங்கள் கட்டுத்தரையில் நடந்ததும் அதே கதைதான். வடக்கு தெற்குக்குப் பதிலாக மலையும் சமவெளியும்.

வந்த மாட்டை மற்ற மாடுகளின் வரிசையிலேயே கட்டினோம். மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு சாயங்காலம் தாழியில் வைத்த தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மாடு விலகிக்கொண்டது. அசைபோடவில்லை. மூக்கு காய்ந்திருந்தது. காலையில் ஐந்து லிட்டர் கொடுத்த மாடு அப்போது இரண்டு லிட்டர்தான் கொடுத்தது. காது மடல் சுட்டது. ஆனால் காது சுடுவதைக் காய்ச்சல் என்று எண்ணிவிடக் கூடாது, வெயிலில் நின்ற மாட்டுக்கும் சுடும். வெப்பமானியை எடுத்தேன்.

மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானியே போதும். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, வாலை ஒரு பக்கம் தூக்கி, ஆசனவாய்க்குள் சற்றுச் சாய்வாகச் செலுத்தி, நுனி குடலின் சுவரைத் தொடும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். நேராகச் செலுத்தினால் அது சாணிக்குள் போய் நிற்கும். அளவு குறைத்துக் காட்டும். பின்புறத்தை நூலில் கட்டி வால் மயிரோடு கவ்வ வைத்தால் உள்ளே போய்விடாது. ஆரோக்கியமான பசுவுக்கு 101.5 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். வெயில் நேரத்தில் அரை டிகிரி, ஒரு டிகிரி கூடலாம். அதனால் பக்கத்தில் நின்ற நல்ல மாட்டுக்கும் அதே நேரத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கு 101.8. மலை மாட்டுக்கு 105.8.

அந்த நேரத்தில் மூத்திரம் சாதாரண மஞ்சளாகவே இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூத்திரம் கறுத்த பிறகுதான் உண்ணிக் காய்ச்சல் என்று எங்கள் பக்கத்தில் நினைக்கிறார்கள். காய்ச்சல் முதலில் வரும். நிறம் அதற்கு ஒரு நாளோ கூடுதலாகவோ கழித்து வரும். இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்த கிருமி பெருகி, அணுக்களை உடைத்து வெளியே வருகிறது. உடைந்த அணுக்களிலிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபின் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் தாங்காத அளவுக்குச் சேர்ந்த பிறகுதான் மூத்திரத்தில் இறங்குகிறது. அதாவது நிறம் மாறும்போது கணிசமான இரத்தம் ஏற்கெனவே அழிந்துவிட்டது. வெப்பமானி அந்த ஒரு நாளை முன்கூட்டியே நமக்குக் கொடுக்கிறது.

கால்நடை மருத்துவரிடம் இரவே போனில் சொன்னேன். மாட்டை நடத்திக்கொண்டு வர வேண்டாம், காலையில் தானே வருவதாகச் சொன்னார். இரத்தம் குறைந்த மாட்டை மருந்தகம்வரை ஓட்டிச் செல்வதே சில நேரம் அதைக் கொன்றுவிடும். மூச்சு வாங்கி வழியிலேயே படுத்துக்கொள்ளும். வர ஆளில்லாத நேரத்தில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

விடியற்காலையில் மாடு மூத்திரம் பெய்யும்போது ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பால் ஊற்றாத காப்பி நிறம். மேலே நுரை கட்டியது, அந்த நுரை நெடுநேரம் அடங்கவில்லை. கீழே சிமெண்டுத் தரையில் விழுந்த இடத்திலும் செம்பழுப்புக் கறை. அம்மா பார்த்துவிட்டு, “உடம்புச் சூடு இறங்குகிறது, வெந்தயம் ஊறவைத்துக் கொடு” என்றார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்; அந்த வெந்தயத்தோடு ஒரு நாள் போய்விடும்.

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. நீலகிரி மாடுகளுக்கு மூத்திரத்தில் இரத்தம் போகும் நோய் ஒன்று உண்டு. பெரணிச் செடியை நெடுங்காலம் மேய்ந்த மாடுகளுக்கு மூத்திரப் பையில் புண்ணும் கட்டியும் வந்து இரத்தம் கசியும். விற்றவர் அதை மறைத்துத் தள்ளிவிட்டாரோ என்று நினைத்தேன். அதைப் பிரித்தறிய எளிய வழி அந்தப் பாட்டில்தான். அசைக்காமல் ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். பெரணி நோயில் வருவது முழு இரத்தம். ஒரு மணி நேரத்தில், கூடினால் சில மணி நேரத்தில் சிவப்பணுக்கள் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். உண்ணிக் காய்ச்சலில் வருவது உடைந்த அணுக்களின் சாயம். அது படியாது, எத்தனை நேரம் வைத்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக, வெளிச்சத்தில் பார்த்தால் ஊடுருவித் தெரியும்படி இருக்கும். எங்கள் பாட்டில் மருத்துவர் வரும்வரை அப்படியேதான் நின்றது. தவிர, பெரணி நோய்க்குக் காய்ச்சல் இராது.

கன்று ஈன்ற சில வாரங்களுக்குள் இதே காப்பி நிறம் வந்தால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். பால் அதிகம் கறக்கும் பசுவுக்கோ எருமைக்கோ உடம்பில் பாஸ்பரஸ் குறைந்தாலும் சிவப்பணு உடைந்து மூத்திரம் இப்படியே போகும். அங்கேயும் பாட்டில் தெளியாது. ஆனால் வெப்பமானி பெரும்பாலும் சாதாரணமாகவே காட்டும். எங்கள் மாடு ஈன்று நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்ததால் அது தள்ளுபடி. காய்ச்சலும் கறுத்த மூத்திரமும் சேர்ந்தே வரும் இன்னொரு நோய் எலிக் காய்ச்சல், கன்றுகளில் அதிகம். அதை வீட்டில் பிரிக்க முடியாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

மருத்துவர் வந்ததும் முதலில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்து, லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. முன் தோளுக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கட்டியை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். தைலேரியா என்ற இன்னோர் உண்ணிக் கிருமி பிடித்திருந்தால் அது எலுமிச்சை அளவுக்கோ மேலேயோ வீங்கும், மூத்திரம் பெரும்பாலும் நிறம் மாறாது. எங்கள் மாட்டுக்கு வீக்கம் இல்லை. பிறகு காது நுனியைத் துடைத்து, ஊசியால் குத்தி, முதல் சொட்டைக் கண்ணாடித் துண்டில் எடுத்து மெல்லியதாக இழுத்து உலர வைத்தார். ஊசி போடுவதற்கு முன்பே இதை எடுத்தாக வேண்டும். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம், பிறகு எந்த நோய் என்று அடித்துச் சொல்ல ஆளிருக்காது. அன்று மதியமே ஜிம்சா சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு, சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் கிருமிகள் தெரிகின்றன, பபேசியாதான் என்று சொன்னார்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் காலையிலேயே டிமினசீன் ஊசியைத் தொடைச் சதையில் ஆழமாகப் போட்டுவிட்டார். ஒரு கிலோ உடல் எடைக்கு 3.5 மில்லிகிராம் என்பது இதன் அளவு. எடை தெரியாமல் அளவு தெரியாது என்பதால் நான் டேப் வைத்து அளந்து கொடுத்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி 66 அங்குலம். தோள் முனையிலிருந்து பின் எலும்பு முனைவரை 56 அங்குலம். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். 66 × 66 × 56 ÷ 660, அதாவது ஏறக்குறைய 370 கிலோ. மருந்து 1.3 கிராம். கண்மதிப்பாக 450 கிலோ என்றுதான் நான் சொல்லியிருப்பேன். டிமினசீன் அளவு மீறினால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மருந்து. கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். தைலேரியாவுக்கு இது கேட்காது, அதற்கு வேறு மருந்து. ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் மாடு போய்விடும்.

கூடவே குளுக்கோஸ் ஏற்றினார், இரும்புச் சத்தும் பி காம்ப்ளெக்ஸும் கொடுத்தார். இரத்தம் மிகவும் குறைந்திருந்தால் இன்னொரு நல்ல மாட்டிலிருந்து இரத்தம் ஏற்றலாம் என்றும், முதன்முறை ஏற்றும்போது மாடுகளுக்குப் பெரும்பாலும் ஒவ்வாமை வருவதில்லை என்றும் சொன்னார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

என் வேலை நிழல், தண்ணீர், அளவு. மாட்டை அவிழ்க்கவே இல்லை. தண்ணீரும் பச்சைப் புல்லும் வாய்க்கருகே கொண்டுபோய் வைத்தோம். வெப்பமானியைக் காலை, மதியம், சாயங்காலம் வைத்து ஒரு காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினேன். ஊசி போட்ட அன்று சாயங்காலம் 103.6. மறுநாள் காலை 102.4. மூத்திரம் அன்று சாயங்காலம் கறுப்பாகவேதான் இருந்தது, மறுநாள் தேநீர் நிறத்துக்கு வந்தது, அதற்கடுத்த நாள் மஞ்சள். கிருமி செத்தாலும் ஏற்கெனவே உடைந்த அணுக்களின் சாயம் வடிந்து தீர வேண்டும் என்பதால் மூத்திரம் காய்ச்சலுக்குப் பின்தங்கித்தான் தெளியும். வரும்போதும் பின்தங்கி வந்தது, போகும்போதும் பின்தங்கிப் போகிறது.

மருத்துவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சல் இறங்குவது எல்லா நேரமும் நல்ல செய்தி அல்ல. 105-இலிருந்து 102-க்கு இறங்கி, மாடு தவிட்டைத் தேடினால் குணம். மூத்திரம் இன்னும் கறுப்பாக இருக்கும்போதே அளவு 100-க்கும் கீழே போய், காது சில்லிட்டு, மாடு எழுந்திருக்க மறுத்தால், அது இரத்தம் தீர்ந்து உடம்பு அடங்கும் நிலை. காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று தூங்கப் போகிறவர்கள் காலையில் இறந்த மாட்டைப் பார்ப்பது இதனால்தான்.

மாடு பிழைத்தது. இனி கட்டுத்தரை.

உண்ணி எங்கே இருக்கிறது என்று முதலில் மாடுகளிடம் தேடினேன். கண்ணால் தேடுவதைவிட உள்ளங்கையால் தேடுவது நல்லது. அலைதாடியின் மடிப்பு, பின்தொடைகளின் இடுக்கு, மடிக்கு மேல்புறம், வாலடி, காதுக்குள் என்று மெல்லத் தடவினால் நொய் அரிசி போல ஏதோ கையில் நெருடும். அவை குஞ்சுகளும் இளசுகளும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி மட்டும்தான் தூரத்திலிருந்தே தெரியும். மருத்துவர் சொன்னபடி இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்று கால் நீண்டு, காலில் வெளிர்ந்த பட்டை போட்டிருக்கும், விரட்டினால் ஓடும். ஹையலோமா என்பது அதன் பெயர். சுவர் இடுக்கில் ஏறி முட்டையிடுவதும் தைலேரியாவைச் சுமப்பதும் அதுதான். மற்றது கால் குட்டையாக, உப்பினால் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும். ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்கிறார்கள். எங்கள் மாடுகளில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. பபேசியாவைச் சுமப்பதும் இதுதான்.

இதன் வாழ்க்கை முறை தெரிந்தால்தான் மருந்தடிக்கும் நாளைக் குறிக்க முடியும். குஞ்சாக ஒரு மாட்டின் மேல் ஏறினால், குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்ற மூன்று பருவத்தையும் அதே மாட்டின் மேல் கழித்துவிடுகிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூன்று வாரம். உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சாணிக்கும் குப்பைக்கும் அடியில், தரைக்கல் இடைவெளியில், புல் வேரடியில் ஒளிந்து இரண்டாயிரம் மூவாயிரம் முட்டையிட்டுவிட்டுச் சாகிறது. சில வாரங்களில் முட்டை பொரிகிறது. குஞ்சுகள் புல் நுனியில் ஏறி மாட்டுக்காகக் காத்திருக்கும். ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கே போய்விடுகிறது. ஆகவே நோய் கொண்ட மாட்டின் மேலிருந்து விழும் ஓர் உண்ணி ஒரு படையையே விட்டுச் செல்கிறது.

எங்கள் வீட்டில் டெல்டாமெத்ரின் மருந்தைத்தான் ஆண்டுக்கணக்கில் அடித்து வந்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் அதுதான். நாட்டின் பல பகுதிகளில் உண்ணிகள் அதற்குப் பழகிவிட்டன என்று மருத்துவர் சொன்னார். எங்கள் உண்ணிகள் எப்படி என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். ஆய்வகத்தில் முதிர்ந்த உண்ணியை மருந்தில் முக்கிப் பார்க்கும் சோதனையின் எளிய வடிவம் இது.

முழுக்க உப்பிய, ஏறக்குறைய ஒரே அளவுள்ள பெண் உண்ணிகளை, வாய்ப் பகுதி உடம்பில் தங்கிவிடாமல் சுழற்றி இழுத்துச் சேர்த்து, பத்துப் பத்தாக மூன்று பங்கு பிரித்தேன். ஒரு பங்கைச் சாதாரணத் தண்ணீரில், இரண்டாவதை மாட்டுக்கு அடிக்கும் அதே அளவில் கலந்த டெல்டாமெத்ரினில், மூன்றாவதை அமிட்ராஸ் என்ற வேறோர் உண்ணி மருந்தில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்தேன். துணியில் ஒற்றி, பெயர் எழுதிய மூன்று பாட்டில்களில் போட்டு, வாயில் இரட்டைத் துணி கட்டி, நிழலில் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைத்தேன். தட்டு எதற்கென்றால், எது தப்பினாலும் வீட்டுக்குள் போகக் கூடாது.

சில நாட்களில் தண்ணீர்ப் பாட்டிலில் முட்டை தொடங்கியது. பழுப்பு நிறத்தில், பளபளப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிய குவியல். தாயின் உடம்பு சுருங்கச் சுருங்கக் குவியல் பெருகியது. டெல்டாமெத்ரின் பாட்டிலிலும் அதே குவியல், கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பத்தில் ஏழு முட்டையிட்டன. அமிட்ராஸ் பாட்டிலில் ஒன்று மட்டும் சிறிதளவு இட்டது. மற்றவை கறுத்துக் காய்ந்தன. எங்கள் கட்டுத்தரையின் கணக்கு இது. அடுத்த ஊரில் வேறு மாதிரி இருக்கலாம். மருந்து பழையதாகவோ வெயிலில் கிடந்ததாகவோ இருந்தாலும் இதே முடிவு வரும் என்பதால் புதுப் பாட்டில் உடைத்துத்தான் சோதித்தேன். மூன்றையும் கடைசியில் கொதிநீரில் கொட்டினேன். பிடுங்கிய உண்ணியைத் தரையில் போட்டு மிதிப்பதும், சும்மா வீசுவதும் வேண்டாம் என்பதற்குத் தண்ணீர்ப் பாட்டிலைவிட நல்ல சான்று இல்லை: மாட்டை விட்டுப் பிரிந்த பிறகும் அது முட்டையிட்டே தீரும்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அமிட்ராஸுக்கு மாறினோம். 12.5 சதவீத மருந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. பத்து லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 20 மில்லி. களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்குத் தொடவே கூடாது; தனியாக ஒன்று வாங்கினேன். பலருடைய வேலை கெடுவது அளவில் அல்ல, நனைப்பில். முதுகில் நான்கு வீச்சு வீசிவிட்டு, அடித்தாயிற்று என்பார்கள். முதுகில் உண்ணி இல்லை. ஒரு பெரிய மாட்டுக்கு நான்கைந்து லிட்டர் ஆகும். மயிரின் போக்குக்கு எதிராக அடித்து, தோல்வரை நனைந்து, வயிற்றடியிலிருந்து சொட்ட வேண்டும். அலைதாடியை விரித்து உள்ளே, வாலைத் தூக்கி அடியில், தொடை இடுக்கில். காதுக்குள் தெளிக்காமல், நனைத்த துணியால் துடைத்தேன், முகத்தையும் அப்படியே.

வேலைக்கு முன் மாடுகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட வேண்டும், தாகத்தில் உடம்பை நக்கும். மழை வராத நாளில், காலை கறவை முடிந்த பிறகு அடித்தேன். நமக்குக் கையுறை, வாய்க்குத் துணி. காயம் உள்ள மாட்டுக்கு அடிக்கவில்லை. பால் எத்தனை நேரம் கழித்துச் சொசைட்டிக்கு ஊற்றலாம் என்பதை அந்தந்தப் பாட்டிலின் சீட்டில் பார்த்து நடக்க வேண்டும். மறு கறவைக்கு முன் மடியைக் கழுவுவது எப்படியும் உண்டு. கலந்த மருந்தில் மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டாதீர்கள், மீன் சாகும். நான் கட்டுத்தரையின் ஓரத்திலேயே தெளித்து முடித்துவிட்டேன். குதிரை வைத்திருப்பவர்கள் இந்த மருந்தை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எல்லா மாடுகளுக்கும் எருமைக்கும் ஒரே நாளில் அடித்தோம். சின்னக் கன்றுகளுக்கு மருந்தடிக்காமல் கையால் எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன். இரண்டாவது முறை எப்போது என்பதில்தான் கணக்கு. மருந்து மாட்டின் மேல் இருப்பதைக் கொல்கிறது. தரையில் முட்டை பொரிந்து மறுநாளே புதுக் குஞ்சு ஏறுகிறது. அது உப்பி விழ மூன்று வாரம். அதற்குள், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடித்தால் ஏறுவது எதுவும் முட்டையிடக் கீழே இறங்காது. அப்போது மாடே ஒரு பொறியாக மாறித் தரையிலுள்ளதைத் துடைத்தெடுக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை அடித்தால் நடுவில் ஒரு தலைமுறை தப்பிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று பழி போடுபவர்களில் பாதிப் பேருடைய நிலை இதுதான் என்று நினைக்கிறேன்.

தரை வேலை எளிது, இடுப்பு ஒடிவதைத் தவிர. தாழிக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த சோளத்தட்டுக் குப்பையை வாரி வெளியே எரித்தோம். கல் பாவிய தரையின் இடைவெளிகளைச் சுரண்டிச் சிமெண்டு அடைத்தோம். சுவரின் இடுக்குகளை ஆள் உயரத்துக்குப் பூசிச் சுண்ணாம்பு அடித்தோம். ஹையலோமாவும் கொஞ்சம் இருக்கிறதே. கோழிப்பண்ணைகளில் கூண்டைச் சுட்டுச் சுத்தம் செய்யும் தீக்கருவி ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி, மாடுகளை வெளியேற்றிவிட்டுக் கல்சுவரடியை ஒரு சுற்றுச் சுட்டோம். கூரை வேய்ந்த கொட்டகையில் இதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். கட்டுத்தரையை ஒட்டியிருந்த வரப்புப் புல்லைத் தரையோடு வெட்டினோம். அங்கேதான் கன்றுகள் படுக்கும், அங்கேதான் குஞ்சு உண்ணி அதிகம். பழைய வெள்ளை வேட்டியை விரித்து இழுத்துப் பார்த்தால் பழுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு வந்தன.

மூலிகை பற்றி ஒரு வார்த்தை. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி ஆகியவற்றை அரைத்துத் தண்ணீரில் கலந்து வடிகட்டி வாரம் ஒரு முறை தெளிக்கும் கலவையை நானும் சின்னக் கன்றுகள் இருக்கும் பக்கம் பயன்படுத்துகிறேன். லேசான தொல்லைக்குப் பரவாயில்லை. மாட்டின் தொடை முழுக்க உண்ணி அப்பியிருக்கும்போது அதை நம்பி உட்கார மாட்டேன்.

ஒன்று மட்டும் மருத்துவர் தடுத்தார். கன்றுகளிடம் ஓர் உண்ணிகூட இருக்கக் கூடாது என்று நான் கிளம்பியபோது, அது வேண்டாம் என்றார். கன்றுகள் சிறுவயதில் லேசாகக் கடி வாங்கினால்தான் பெரிதானபின் காய்ச்சலைத் தாங்கும். முற்றிலும் துடைத்துவிட்டால் நம் கட்டுத்தரையிலேயே மலை மாடுகளை வளர்த்த மாதிரி ஆகும். பிறகு ஒரு மழைக்காலத்தில் மருந்து தவறினால் எல்லாம் சேர்ந்து படுக்கும். ஆகவே எங்கள் குறி, கறவை மாடுகளில் உப்பிய உண்ணி கண்ணில் படக் கூடாது, கன்றுகளில் கைக்கு ஒன்றிரண்டு நெருடினால் விட்டுவிடலாம் என்பதுதான்.

இரண்டு வாரத்துக்கொரு தடவை என்று ஐப்பசி வரை அடித்தோம். வேட்டியில் ஒட்டும் புள்ளிகள் முதலில் குறையவே இல்லை. பழைய முட்டைகள் பொரிந்து தீர்ந்த பிறகு, புரட்டாசியில்தான் சட்டென்று குறைந்தன. மலை மாட்டின் ஈறு சிவப்பாக ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பால் நான்கு லிட்டரோடு நின்றுவிட்டது, இந்த ஈற்றில் இனி ஏறாது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இன்னும் முதுகில் நான்கு வீச்சோடு நிறுத்திக்கொள்கிறார். அவருடைய மாடுகள் எங்கள் பொது வரப்பில்தான் மேய்கின்றன. அந்த வரப்புப் புல்லை இப்போது நாங்கள் அறுத்து மாடுகளுக்குப் போடுவதில்லை. அடுத்து வாங்கப்போகும் மாட்டைத் தனிக் கொட்டகையில் கட்டி, வந்த நாளிலிருந்து ஐந்தாறு வாரத்துக்குக் காலையும் மாலையும் வெப்பமானி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். 103-ஐத் தாண்டினால் மூத்திரத்துக்காகக் காத்திருக்காமல் மருத்துவருக்குப் போன்.